கும்ப விவாகம் பண்ணச் சொல்கிறார்கள்: ஒரு குடும்பம் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பெங்களூரில் வரன் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். "பொண்ணுக்கு ஒரு கும்ப விவாகம் பண்ணிட்டாப் போதும், அப்புறம் ஒரு தடையும் இல்லை." சொல்பவர் ஜோசியராக இருப்பார், அல்லது மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மாவாக இருப்பார். கேட்பவர்களுக்கு அடுத்த நிமிடமே சந்தேகங்கள் கிளம்பும். பானைக்குப் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதா? அதற்கப்புறம் பானையை உடைப்பதா? அப்படியானால் நாளைக்கு நடக்கப்போவது இரண்டாம் கல்யாணமா? இதைச் சபையில் கேட்கவும் முடியாது. பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியாது.

விஷயம் இதுதான். ஒரு பெண்ணின் ஜாதகத்தில் கணவனுக்கு ஆயுள் குறைவு என்று அஞ்ச வைக்கும் அமைப்பு இருந்தால், அதை வைதவ்ய யோகம் என்பார்கள். அப்படிப்பட்ட பெண்ணை நிஜக் கல்யாணத்துக்கு முன்னால், நீர் நிரப்பிய கும்பத்துக்குக் கன்னிகாதானம் செய்து கொடுக்கும் சடங்கு கும்ப விவாகம். கும்பத்தில் வருணனையும், அதன் மேல் வைக்கும் சிறிய பொன் பிரதிமையில் விஷ்ணுவையும் ஆவாஹனம் செய்வார்கள். ஆக, "பானைக்குக் கல்யாணம்" என்று கேலியாகச் சொன்னாலும், சடங்கின் கணக்கில் வரன் பானை இல்லை, அதில் எழுந்தருளும் தெய்வம்.

இது நேற்று யாரோ கிளப்பிவிட்ட பழக்கமும் இல்லை. காசியில் கமலாகர பட்டர் 1612-இல் தொகுத்த நிர்ணயசிந்துவில் இது பேசப்படுகிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காசிநாத உபாத்யாயர் எழுதிய தர்மசிந்துவிலும் உண்டு. கும்பம், அரசமரம், விஷ்ணு பிரதிமை என்று மூன்று வழிகள் அங்கே வருகின்றன. இப்படிச் செய்த பெண்ணுக்கு மறுமணம் ஆனவள் என்ற பெயர் வராது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. "இரண்டாம் கல்யாணமா?" என்ற பயத்துக்குப் பதில் சாஸ்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. சட்டத்தைக் கேட்டால் பதில் இன்னும் சுருக்கம். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி கல்யாணம் என்பது இரண்டு இந்துக்களுக்கு இடையே நடப்பது. குடம் அந்தக் கணக்கில் வராது. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் கல்யாணத்தைப் பதியும்போது பெண் "திருமணம் ஆகாதவர்" என்றே எழுதலாம், அதில் பொய் எதுவும் இல்லை.

சரி, அன்றைக்கு என்னதான் நடக்கும்? பெரும்பாலும் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், கோவிலிலோ ஆற்றங்கரையிலோ வாத்தியார் வீட்டிலோ, அதிக ஆள் இல்லாமல் நடக்கும். மாப்பிள்ளை வீட்டாரை அழைக்கும் வழக்கம் இல்லை. பிள்ளையார் பூஜை, சங்கல்பம், புண்ணியாகவாசனம் முடிந்ததும் நூல் சுற்றிய மண்குடத்தில் நீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து, கும்பம் ஸ்தாபிப்பார்கள். ஆவாஹனம், பூஜை முடிந்த பின் கன்னிகாதானம். பிறகு பெண்ணையும் கும்பத்தையும் சேர்த்து நூலால் சுற்றுவார்கள். நம் பக்கத்தில் இதோடு மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைத் தாலியாகக் கட்டுவதும் வழக்கத்தில் இருக்கிறது. அதைக் கட்டுவது யார் என்பது வாத்தியாருக்கு வாத்தியார் மாறும். அப்புறம் நூலைக் கழற்றி, கும்பத்தை நீர்நிலைக்குக் கொண்டுபோய் உடைத்துவிட்டு வருவார்கள். கடைசியாகப் பெண்ணுக்குப் பஞ்சபல்லவ நீரால் அபிஷேகம். அரசு, அத்தி, ஆல், மா, இச்சி ஆகிய ஐந்து மரத்துத் துளிர்கள் போட்ட தண்ணீர் அது. பெங்களூர் மார்க்கெட்டில் ஐந்தையும் ஒரே காலையில் வாங்கிவிட்டால் நீங்கள் கெட்டிக்காரர், நடைமுறையில் மாவிலையோடு முடிந்துவிடும். ஹோமமும் சேர்ந்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, கும்பத்தின் முன் சொல்லும் பிரார்த்தனை. "உயிர்களுக்கெல்லாம் இருப்பிடமான வருணனே, இந்தப் பெண்ணின் கணவனை வாழவை, நெடுநாள் புத்திர சுகம் கொடு" என்பது அதன் சாரம். அடுத்து விஷ்ணுவிடம், துன்பம் வராமல் இந்தப் பெண்ணைக் காப்பாற்று என்று வேண்டுகிறது. ஊரில் சொல்லும் விளக்கமோ வேறு: குடம்தான் முதல் புருஷன், அது உடைந்தால் அவன் செத்தான், விதவை யோகம் கழிந்தது, வருகிறவன் இரண்டாவது ஆள், அவனுக்கு ஒன்றும் ஆகாது. இந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் சிலர் குடம் உடைந்ததும் பெண்ணின் வளையலை உடைக்கச் சொல்கிறார்கள், பொட்டை அழிக்கச் சொல்கிறார்கள், அழச் சொல்கிறார்கள். பெண்கள் இந்தச் சடங்கை வருஷக்கணக்காக மறக்காமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பகுதிதான். கணவனுக்கு ஆயுள் கேட்கும் சடங்கில் சாவுச் சடங்குக்கு என்ன வேலை?

அதனால் சம்மதிப்பதற்கு முன்பே வாத்தியாரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். தெரிந்த வீட்டில் ஒரு அம்மா கேட்டார்: "மாமா, கடைசியில வளையல் உடைக்கறது, பொட்டு அழிக்கறது அதெல்லாம் உண்டா? இருந்தா இப்பவே சொல்லிடுங்கோ." அவர் சொன்னார்: "பிரயோகத்துல அப்படி ஒண்ணும் இல்லைம்மா. ஸ்நானம் பண்ணி வேற புடவை கட்டிண்டு வந்தா ஆசீர்வாதம், அவ்வளவுதான்." விவரம் தெரிந்தவர் இப்படித்தான் பதில் சொல்வார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று மழுப்பினால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

செவ்வாய் தோஷம் என்றாலே கும்ப விவாகமா?

இங்கேதான் பெரிய குழப்பம். பழைய நூல்கள் இதைச் சொல்வது பால வைதவ்ய யோகத்துக்கு, அதாவது சிறு வயதிலேயே கணவனை இழக்கும் அமைப்புக்கு. பெண்களைக் குழந்தைப் பருவத்திலேயே கட்டிக்கொடுத்த காலம் அது. கணவன் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு அப்புறம் வாழ்க்கையே கிடையாது என்று வைத்திருந்த சமூகம். அந்தப் பயத்துக்கு எழுதிய மருந்தை இன்று செவ்வாய் தோஷம் என்று சீட்டில் வந்தாலே கொடுத்துவிடுகிறார்கள்.

செவ்வாய் தோஷம் எவ்வளவு பேருக்கு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு வழக்கப்படி செவ்வாய் 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் இருந்தால் தோஷம். பன்னிரண்டில் ஐந்து. லக்னத்திலிருந்து மட்டும் எண்ணினாலே நூற்றுக்கு 42 பேருக்கு வந்துவிடும். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றையும் எண்ணி, எதில் வந்தாலும் தோஷம் என்றால் நூற்றுக்கு 80 பேர் தோஷக்காரர்கள். வடக்கே 2-ஐ விட்டு 1-ஆம் வீட்டைச் சேர்ப்பார்கள். சில ஆப்கள் இரண்டு வழக்கத்தையும் கலந்து ஆறு வீடுகளாக எண்ணும். அப்போது மூன்றிலிருந்தும் எண்ணினால் எட்டு பேரில் ஏழு பேருக்கு ஏதோ ஒரு வகையில் தோஷம் வரும். ஊர் முழுக்க எல்லோருக்கும் இருக்கும் ஒன்றைக் கண்டு ஒரு வீடு மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

பெங்களூரில் இது கூடுதலாகவே தலைவலி தரும். வரன் கன்னடக் குடும்பமாக இருந்தால் "குஜ தோஷ" என்பார்கள், வடக்கத்திய மாப்பிள்ளை என்றால் "மாங்கலிக்" என்று ஆரம்பிப்பார்கள். நம் வீட்டு ஜோசியர் தோஷம் இல்லை என்று சொன்ன ஜாதகத்தில், லக்னத்தில் செவ்வாய் இருந்தால் அவர்கள் வீட்டு ஜோசியர் இருக்கிறது என்பார். இருவரும் அவரவர் வழக்கப்படி சரியாகத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் "தோஷம் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதாது, எங்கிருந்து எண்ணினீர்கள், எந்த வீட்டில் இருக்கிறது, விலக்கு பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். செவ்வாய் சொந்த வீடான மேஷம், விருச்சிகத்தில் இருந்தாலோ, உச்ச வீடான மகரத்தில் இருந்தாலோ தோஷம் இல்லை என்பது பரவலாக ஒப்புக்கொண்ட விலக்கு. கடகம், சிம்ம லக்னக்காரர்களுக்குச் செவ்வாய் யோககாரகன், அதனால் தோஷம் செய்யமாட்டான் என்பது இன்னொன்று.

ஒரு ஜாதகத்தை எடுத்துக்கொள்வோம். அல்சூரில் இருக்கும் ஒரு குடும்பம், பெண் 1996 தை மாதத்தில், தை அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் பெங்களூரில் பிறந்தவள். பூராட நட்சத்திரம், தனுசு ராசி. "பூராடம் நூலாடாது" என்று யாராவது சொல்லிச் சொல்லியே அம்மாவுக்கு ஏற்கெனவே பாதி உயிர் போயிருந்தது. கழுத்தில் தாலி நிற்காது என்று அதற்கு அர்த்தம் பண்ணுவார்கள். ஒரு நட்சத்திரத்தில் பிறந்த அத்தனை பெண்களையும் ஒரே எதுகையில் விதவையாக்கும் பழமொழி அது, ஜாதக சாஸ்திரத்தில் அதற்கு இடம் கிடையாது.

பிறந்த நேரம் பாட்டி சொன்னபடி "ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது". 5.45 என்று வைத்து ஜோசியர் கட்டம் போட்டார். மிதுன லக்னம் வந்தது. செவ்வாய் மகரத்தில், அதாவது லக்னத்துக்கு எட்டில். பெண்களுக்கு எட்டாம் வீடு மாங்கல்ய ஸ்தானம். அவர் உடனே கும்ப விவாகம் என்றார், ஆடி வருவதற்குள் முடிக்க வேண்டும் என்றார், தானே செய்து வைப்பதாகவும் சொன்னார்.

பெண்ணின் அப்பா ஒரு நல்ல காரியம் செய்தார். பரணில் கிடந்த பழைய ஃபைலைக் கிளறி, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் அட்டையைத் தேடி எடுத்தார். பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் நேரம் இருக்காது, அந்த அட்டையில் இருக்கும். அதில் மாலை 6.10 என்று எழுதியிருந்தது. அன்றைக்குப் பெங்களூரில் மிதுனம் முடிந்து கடகம் உதிப்பது ஆறு மணியை ஒட்டி, சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னால். 6.10 என்றால் கடக லக்னம். இப்போது அதே செவ்வாய் எட்டிலிருந்து ஏழுக்கு வந்துவிட்டது. உச்சத்தில் இருக்கிறது, அதோடு கடக லக்னத்துக்கு யோககாரகன். இரண்டு விலக்கும் பொருந்துகிறது. இருபத்தைந்து நிமிட வித்தியாசத்தில் மாங்கல்ய பயம் போன இடம் தெரியவில்லை.

நேரம் 5.45-தான் என்று வைத்துக்கொண்டாலும் கதை அங்கே முடியாது. எட்டில் இருந்தாலும் செவ்வாய் மகரத்தில் உச்சம்தான். மிதுனத்துக்கு ஏழாம் வீடான தனுசில் குரு ஆட்சியாக உட்கார்ந்து லக்னத்தைப் பார்க்கிறார். கணவன் வீட்டில் குரு ஆட்சி பெற்ற ஜாதகத்தை வைதவ்ய யோகம் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. இதையெல்லாம் எடைபோட்ட பிறகும் ஒரு ஜோசியர் அப்படிச் சொல்லலாம், அது அவர் முடிவு. ஆனால் முதலில் பார்த்தவர் அட்டையும் கேட்கவில்லை, குருவையும் பார்க்கவில்லை. லக்னம் ராசி எல்லையில் விழுகிறது, நேரத்தைச் சரிபாருங்கள் என்று அவர்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பரிகாரத்தைச் சொல்பவரும் செய்து வைப்பவரும் பணம் வாங்குபவரும் ஒரே ஆள் என்றால் இன்னொருவரிடம் ஜாதகத்தைக் காட்டுவது நல்லது. காட்டும்போது முதலாமவர் சொன்னதைச் சொல்லாதீர்கள். கட்டத்தையும் கொடுக்காதீர்கள். பிறந்த தேதி, நேரம், ஊர் மட்டும் கொடுத்து அவரையே போடச் சொல்லுங்கள். இருவரும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்தால் யோசிக்க விஷயம் இருக்கிறது. ஒருவர் எட்டு, ஒருவர் ஏழு என்றால் தகராறு தோஷத்தில் இல்லை, லக்னக் கணக்கில்.

இவ்வளவும் ஜோதிடத்தை நம்புகிறவர்கள் அதன் விதிகளுக்குள்ளேயே செய்யக்கூடிய சோதனை. வெளியே நின்று கேட்டால், ஒரு சடங்கு யாருடைய ஆயுளையாவது கூட்டியது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. என் அபிப்பிராயமும் அதுதான். குடும்பத்துக்கு அது தரக்கூடியது மன நிம்மதி. அந்த நிம்மதி யாருக்கு, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் எடைபோட வேண்டிய இடம். அம்மாவுக்கு இரவில் தூக்கம் வருவதற்காக மகள் மனம் குறுகி உட்கார வேண்டியிருந்தால் கணக்கு சரியில்லை. மகளே, "பரவாயில்லைம்மா, ஒரு காலைப் பொழுதுதானே, உனக்காகப் பண்ணிக்கறேன்" என்று மனதாரச் சொன்னால் அது வேறு. அவளிடம் முழு விவரத்தையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நூல், தாலி, குடம் உடைப்பது உட்பட. "கோவில்ல ஒரு பூஜை" என்று சொல்லிக் கூட்டிப்போய் அங்கே மஞ்சள் கயிற்றை நீட்டுகிற வீடுகள் இருக்கின்றன. அதைவிட மோசமாக இந்தச் சடங்கைச் செய்ய முடியாது.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் கவலையைச் சொல்கிறார்களா, நிபந்தனை போடுகிறார்களா? கவலை என்றால் இரண்டு வீட்டு ஜாதகத்தையும் இருவருக்கும் பொதுவான ஒரு ஜோசியரிடம் காட்டி முடித்துக்கொள்ளலாம். நிபந்தனை என்றால், கல்யாணத்துக்கு அப்புறம் பையனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் பழி யார் தலையில் விழும் என்று இப்போதே தெரிந்துவிட்டது. கும்ப விவாகம் செய்தாலும் அந்தப் பழியிலிருந்து தப்பிக்க முடியாது, "சரியாப் பண்ணலையோ என்னவோ" என்பார்கள். கணவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பெண்ணின் கதி என்ன என்பது நியாயமான பயம். அந்தப் பயத்துக்கு அவள் பெயரில் ஒரு வேலை, அவன் பெயரில் ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ், இரண்டும் இருக்கட்டும் என்று கேட்டால் யாரும் குறைத்துப் பேச முடியாது.

மற்றப் பரிகாரங்களைப் பற்றியும் கொஞ்சம். ஆண்களுக்கு இரு தார யோகம் என்று சொல்லி வாழை மரத்துக்குத் தாலி கட்டச் சொல்வார்கள், கட்டிய பின் மரத்தை வெட்டிவிடுவார்கள். எருக்கஞ்செடிக்குச் செய்யும் அர்க்க விவாகம் நூல்களில் மூன்றாம் கல்யாணம் செய்யும் ஆணுக்கு உரியது. முதல் கல்யாணத்துக்கு நிற்கும் பையனுக்கு அதைச் சொன்னால் எந்த நூலில் என்று கேளுங்கள். இவை எல்லாம் போலித் திருமணங்கள். வைத்தீஸ்வரன் கோவிலில் அங்காரகனுக்கு அர்ச்சனை, காளஹஸ்தியில் ராகு கேது பூஜை, திருமணஞ்சேரியில் மாலை சாற்றுவது, குக்கே சுப்ரமண்யாவில் ஆஸ்லேஷா பலி எல்லாம் வழிபாடு. இதில் யாரும் யாருக்கும் தாலி கட்டுவதில்லை, எந்தப் பெண்ணும் தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்துக்கொண்டு திரும்புவதில்லை. வீட்டில் பெரியவர்களுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று இருந்தால், கும்ப விவாகத்துக்குப் பதிலாக ஒரு கோவில் வழிபாடு போதுமா என்று ஜோசியரிடம் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அல்சூர் குடும்பம் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன் கோவிலுக்குப் போய்விட்டு வந்தது, அதோடு சரி.

செய்வது என்றே முடிவானால் சில நடைமுறை விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பொன் பிரதிமை எத்தனை கிராம் என்று வாத்தியார் சொல்லட்டும், ஆனால் "யதாசக்தி" என்ற சொல் சாஸ்திரத்தில் இருக்கிறது, அவரவர் சக்திக்கு ஏற்றபடி சிறியதாகச் செய்யலாம். பிரதிமை தானமாக அவருக்கே போகும். அதனால் தட்சிணை, ஹோமச் சாமான், பிரதிமை மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், மொத்தமாக ஒரு "பேக்கேஜ்" தொகையாக வேண்டாம். மண்குடம் பெயின்ட் அடிக்காததாக இருக்கட்டும். பெங்களூர் ஏரிகளில் போட இடமும் இல்லை, போடவும் கூடாது. சிலர் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை காவிரிக்குப் போகிறார்கள். வாத்தியார் சம்மதித்தால் வீட்டிலேயே ஒரு அண்டா நீரில் உடைத்து, தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிடலாம். முக்கியமாக, யாரும் போனில் போட்டோ எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தப் படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தடவை விழுந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அது அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.